மாப்பிள்ளை வீட்டு ஏ.சி.யும் பொருளாளரின் கிரெடிட் கார்டும்

கேள்வி: மதுரை ஐயர் பங்களா பக்கம் 24 வீடுகள் உள்ள அடுக்ககம் எங்களுடையது. நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், சங்கத்துக்குப் பொருளாளர். கோடையில் நீண்ட பவர் கட் வரும்போதெல்லாம் ஜெனரேட்டருக்கு டீசலை என் கிரெடிட் கார்டில் போட்டுவிட்டு, மாதக் கடைசியில் 24 ஆல் வகுத்து வசூலிக்கிறேன். முழுதாக வருவதில்லை. கார்டில் இப்போது ரூ.38,000 நிற்கிறது. பூட்டிய வீட்டுக்காரர்கள் தர மறுக்கிறார்கள். தனியாக இருக்கும் ஒரு பாட்டி "ஒரு ஃபேனுக்கு இவ்வளவா?" என்கிறார். மூன்றாம் மாடியில் என் தங்கை வீடு. மாப்பிள்ளை கரண்ட் போனாலும் ஏ.சி.யை நிறுத்துவதில்லை. அவரிடம் பணம் கேட்க எனக்கு வாய் வருவதில்லை. ஜெனரேட்டர் கரண்டை அளக்க வீட்டுக்கு வீடு டி.ஜி. மீட்டர் உண்டு, யாரும் ரீடிங் எடுப்பதில்லை. சோலார் போடலாம் என்கிறார் ஒருவர். சங்கத்தின் 4 லட்சம் டெபாசிட்டை மியூச்சுவல் ஃபண்டுக்கு மாற்றி, லாபத்தில் டீசல் வாங்கலாம் என்கிறார் இன்னொருவர். குடியிருப்போருக்கு எப்படி விளக்குவது?

பதில்: விளக்குவது இரண்டாவது வேலை. முதலில் அந்தக் கார்டை பெட்ரோல் பங்க்கில் நீட்டுவதை நிறுத்துங்கள். ரூ.38,000 பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வட்டி ரூ.1,330. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து சுமார் ரூ.1,570. டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் ஏறக்குறைய 17 லிட்டர் உங்கள் பென்ஷனிலிருந்து வட்டியாகவே எரிகிறது. இன்னொன்றும் உண்டு. பழைய பாக்கி நிற்கும் கார்டில் புதிதாகத் தேய்க்கும் தொகைக்கு வட்டியில்லாத நாள் எதுவும் கிடையாது, தேய்த்த அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். நீங்கள் பொருளாளர் வேலை பார்க்கவில்லை, 24 வீட்டுக்கும் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதுவும் எழுத்து இல்லாமல்.

அதனால் இனி டீசலுக்கு முன்பணம். வீட்டுக்கு 1,000 ரூபாய், மொத்தம் 24,000, சங்கத்தின் வங்கிக் கணக்கில். பங்க்கில் பில் சங்கத்தின் பெயரில், பணம் அந்தக் கணக்கிலிருந்து. மாதம் 5-ம் தேதிக்குள் அவரவர் பங்கைச் செலுத்தி முன்பணத்தைப் பழையபடி 1,000 ஆக்கிவிட வேண்டும். கணக்கில் இருப்பு 8,000-க்குக் கீழே போனால் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மட்டும் ஓடும், வீடுகளுக்கு லைன் கிடையாது. இந்தக் கடைசி விதியை மறக்காமல் எழுதி வையுங்கள். மற்ற விதிகளை மதிக்க வைப்பது அதுதான்.

இப்போது பங்கீடு. சண்டை வருவதற்குக் காரணம் யாருடைய கெட்ட குணமும் இல்லை, இரண்டு வேறு செலவுகளை நீங்கள் ஒரே எண்ணாகக் காட்டுவதுதான். ஒரு வீட்டில்கூட ஸ்விட்ச் போடாவிட்டாலும் ஜெனரேட்டர் ஓடுகிற நேரமெல்லாம் டீசல் குடிக்கும். எஞ்சின் சும்மா சுற்றுவதற்கு, லிஃப்டுக்கு, மோட்டாருக்கு, படிக்கட்டு விளக்குக்கு என்று போகும் செலவு அது. அதற்கு மேல் வீடுகள் இழுக்கும் கரண்டுக்கு ஆவது தனி. முதலாவதை வீட்டுக்கு வீடு சமமாகவும், இரண்டாவதை மீட்டர்படியும் பிரிக்க வேண்டும்.

முதலாவது எவ்வளவு என்று எப்படித் தெரியும்? மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை 9 முதல் மாலை வரை நிறுத்தும் நாள் முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். அன்றைக்கு 11 மணியிலிருந்து 1 மணி வரை சோதனை என்று முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். டேங்க்கைக் கழுத்து வரை நிரப்பி, வீடுகளுக்குப் போகும் டி.ஜி. லைனை பேனலில் அணைத்துவிட்டு, பொது லைனை மட்டும் விட்டு இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி, ஒரு லிட்டர் அளவுக் குவளையால் மறுபடி அதே கழுத்து வரை ஊற்றுங்கள். ஐந்து குவளை பிடித்தால் மணிக்கு இரண்டரை லிட்டர். வாட்ச்மேனோடு இரண்டு குடியிருப்போரும் பக்கத்தில் நின்று எண்ணட்டும், ஒருவர் பூட்டிய வீட்டுக்காரர் தரப்பாக இருந்தால் நல்லது. உங்கள் ஜெனரேட்டர் எத்தனை கே.வி.ஏ. என்று எழுதவில்லை. 40 கே.வி.ஏ. என்றால் இந்த அளவை ஒட்டித்தான் வரும். ஆனால் என் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள், குவளை சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதத்தைப் போட்டுப் பார்ப்போம். ஜெனரேட்டர் பேனலில் உள்ள மணி மீட்டர் முதல் தேதி 1482.6, மாதக் கடைசியில் 1522.6. அதாவது 40 மணி நேரம். டீசல் ஆரம்ப இருப்பு 40 லிட்டர், வாங்கியது 180, கடைசி இருப்பு 50. எரிந்தது 170 லிட்டர். பல சங்கங்களில் வாங்கியதையே எரிந்ததாக எழுதிவிடுகிறார்கள், அடுத்த மாதம் கணக்கு இடிக்கும். குச்சியை விட்டு அளந்து முதல் தேதி இருப்பைக் குறித்தே ஆக வேண்டும்.

170 லிட்டருக்கு ரூ.15,810. அதில் பொதுச் செலவு 40 மணிக்கு 100 லிட்டர், ரூ.9,300. வீட்டுக்கு 388 ரூபாய் வரும். மிச்சம் 70 லிட்டர், ரூ.6,510. எல்லா டி.ஜி. மீட்டரையும் கூட்டினால் 280 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். யூனிட் 23 ரூபாய் 25 காசு. பாட்டியின் ஃபேனும் இரண்டு விளக்கும் மாதம் முழுக்க 4 யூனிட் எடுத்திருக்கும், அதற்கு 93 ரூபாய், ஆக மொத்தம் 481. ஏ.சி. ஓடிய வீடு 36 யூனிட் என்றால் 837-ம் 388-ம் சேர்ந்து 1,225. நீங்கள் இப்போது வாங்குகிறபடி என்றால் இருவருக்கும் 659. பாட்டி கேட்டது நியாயம்தான், சரிதானே?

பூட்டிய வீட்டுக்கு யூனிட் பங்கு பூஜ்யம். ஆனால் 388 உண்டு. லிஃப்டும் மோட்டாரும் அந்த வீட்டுக்கும் சேர்த்துத்தான் நிற்கின்றன, நாளைக்கு விற்கப் போனால் "ஜெனரேட்டர் வசதி உண்டு" என்று சொல்லித்தான் விற்பார்கள். வாடகைக்கு விட்ட வீட்டில் 388 உரிமையாளருக்கு, யூனிட் பணம் குடியிருப்பவருக்கு. இதற்கு மாறாக மொத்தச் செலவையும் யூனிட்டில் ஏற்றிவிடலாம் என்று யாராவது கிளம்புவார்கள். அப்படிச் செய்தால் மேலே உள்ள மாதத்தில் யூனிட் 56 ரூபாய் ஆகும். மறு மாதம் பாதிப் பேர் வீட்டு இன்வெர்ட்டரில் சமாளித்துக்கொண்டால் மீதிப் பேருக்கு இன்னும் ஏறும். அந்தக் கணக்கு நிலைக்காது.

அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது ஒரே தாள். மணி மீட்டரின் இரண்டு எண்கள், டீசல் இருப்பும் வாங்கியதும், பில் எண்கள், பொதுப் பங்கு, யூனிட் விலை, அப்புறம் வீட்டு எண்ணுக்கு எதிரே யூனிட்டும் ரூபாயும். பெயர் வேண்டாம், வீட்டு எண் போதும். ரீடிங்கை வாட்ச்மேன் ஒருவர் மட்டும் எடுக்காமல், மாடிக்கு ஒருவர் போனில் மீட்டரைப் படம் பிடித்து அனுப்பட்டும். அதே தாளில் மணிக்கு எத்தனை லிட்டர் என்றும் ஒரு வரி எழுதுங்கள். இந்த மாதம் நாலே கால். யூனிட் ஏறாமல் இது அடுத்த மாதம் ஐந்தரை என்று காட்டினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது டீசல் கேன் வேறு பக்கம் நடக்கிறது. சங்கத்தில் சந்தேகப் பேச்சைக் குறைக்க இந்த ஒரு வரி போதும்.

செலவையே குறைக்க வேண்டுமென்றால் ஏ.சி.யைத் துரத்துவதைவிட மணி நேரத்தைக் குறையுங்கள். பகல் கட்டில், எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும்போது, நடுவில் மூன்று மணி நேரம் ஜெனரேட்டரை நிறுத்தி வைத்தால் பொதுச் செலவில் மட்டும் ஏழரை லிட்டர், கிட்டத்தட்ட 700 ரூபாய் மிச்சம். எந்த மணிக்கு நிறுத்தலாம் என்பதை நான்காம் மாடி முதியவர்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 2012-ல் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர் இது, மூன்று மணி நேரத்தை எப்படிக் கடப்பது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சோலார் என்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கரண்ட் போனால் அது ஓடுமா? மானியத்தோடு பெரும்பாலும் விற்பது மின்வாரிய லைனோடு இணைந்த ஆன்-கிரிட் வகை. லைனில் கரண்ட் இல்லாவிட்டால் அதன் இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடும், கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் மேல் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். பொது மின்கட்டணத்தைக் குறைக்க அது நல்ல பொருள். பவர் கட்டுக்கு மருந்து இல்லை. பேட்டரியும் சேர்த்து லிஃப்டை இழுக்க வேண்டுமென்றால் விலை வேறு, அதை மாதத் தவணையில் வாங்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மியூச்சுவல் ஃபண்டுக்காரருக்குப் பதில் இன்னும் சின்னது. 4 லட்சத்துக்கு எட்டு சதவீதம் என்று தாராளமாகப் போட்டாலும் வருடம் 32,000, அதாவது இரண்டு மாத டீசல். சந்தை இறங்கிய மே மாதத்தில்தான் டீசலும் அதிகம் வேண்டியிருக்கும். லிஃப்ட் கயிறு மாற்றவும் வெள்ளையடிக்கவும் வைத்த பணம் அது, டெபாசிட்டிலேயே கிடக்கட்டும்.

கடைசியில் மாப்பிள்ளை. நீங்கள் அவரிடம் தனியாகக் கேட்கவே வேண்டாம். தாளில் அவர் வீட்டு எண்ணும் 24-ல் ஒன்றாக இருக்கும், கேட்பது சங்கம். கேட்க வாய் வராமல் நீங்களே சத்தமில்லாமல் போட்டுவிடுவது மட்டும் கூடாது, அது தெரிகிற நாளில் மற்ற 22 வீடும் கையை விரித்துவிடும். தங்கைக்குச் செய்யத்தான் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், உங்கள் பணத்தைச் சங்கக் கணக்கில் கட்டி, அவர்கள் வீட்டு எண்ணுக்கு ரசீது வாங்கி, உங்கள் வீட்டுக் கணக்கில் "சீர்" என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் எழுதியபின் உங்கள் வீட்டம்மாவே முடிவு சொல்வார்.

பழைய 38,000-க்குப் புது விதியைப் போடாதீர்கள். அன்றைக்கு ஒப்புக்கொண்டது சமப் பங்கு, அதன்படியே யார் யார் எவ்வளவு பாக்கி என்று பட்டியல் எடுத்து, முன்பணம் கேட்கும் அதே கூட்டத்தில் வைத்து, இரண்டு தவணையில் கட்டத் தீர்மானம் எழுதி வாங்குங்கள். வருகிற பணம் அன்றன்றைக்கே கார்டுக்குப் போகட்டும். ஓடிவிட்ட வட்டியைச் சங்கத்திடம் கேட்டுப் பாருங்கள். தந்தால் லாபம்தான், ஆனால் அதற்காகத் தீர்மானத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.