அப்பாவுக்கு ஹார்ட் பம்பிங் குறைவு. இப்போது மூச்சு வாங்குவது கூடிவிட்டது, கால் வீங்குகிறது. அப்பாயின்ட்மென்ட் இருப்பதோ 12 நாள் கழித்து. முன்னாடியே பார்க்கச் சொல்லி கிளினிக்குக்கு எப்படி எழுதினால் மதிப்பார்கள்?

அப்பா ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்? கிண்டலுக்குக் கேட்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைக்கிறது, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, நெஞ்சு வலிக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, நுரைநுரையாகச் சளி வருகிறது, பேச்சு குழறுகிறது, மயக்கம் வருகிறது, இதில் எது இருந்தாலும் கிளினிக்குக்கு எதுவும் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். கீழே நான் சொல்வதெல்லாம் அந்த அளவுக்குப் போகாத, ஆனால் 12 நாள் தாங்காத நிலைமைக்கு.

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. கமென்டில் வந்து "மருத்துவ ஆலோசனை சொல்ல நீ யார்" என்று கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒரு லெட்டர் எழுதித் தோற்று, இன்னொரு லெட்டர் எழுதி ஜெயித்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் அம்மாவுக்கு அப்போது வயது 68. நான்கு வருடம் முன்னால் ஹார்ட் அட்டாக் வந்ததிலிருந்து பம்பிங் 35 சதவீதம். டாக்டர் முதல் நாளே சொன்னது, காலையில் எழுந்து பாத்ரூம் போய்விட்டு வந்ததும், காபிக்கு முன்னால், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்து எழுதி வையுங்கள் என்று. கேஸ் ஏஜென்சி கொடுத்த மாதக் காலண்டரில் கட்டத்துக்குள் எழுதிவைப்போம். எதற்கு இந்தக் கூத்து என்று எனக்கே பல நாள் தோன்றியிருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை 58.4. செவ்வாய் 58.9. புதன் 59.6. அன்றைக்கு அம்மா படி ஏறும்போது பாதியில் நின்றுவிட்டார். கணுக்காலில் செருப்பு வார் அச்சு ஆழமாகப் பதிந்திருந்தது. அடுத்த அப்பாயின்ட்மென்ட் 24ஆம் தேதி, அன்றைக்குத் தேதி 8. சாயங்காலம் கிளினிக் வாட்ஸ்அப் எண்ணுக்கு நான் அனுப்பியது இதுதான்:

"வணக்கம் மேடம். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை. மூச்சு விடவே கஷ்டப்படுகிறார். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து கொஞ்சம் சீக்கிரம் பார்க்க முடியுமா? ப்ளீஸ் மேடம்."

கூடவே இரண்டு நிமிடம் நாற்பது நொடிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். அதில் பாதி அழுகை. பதில் ஒரு வரி வந்தது: "24 தான் மேடம் இருக்கு, கேன்சல் ஆனா சொல்றோம்." வாய்ஸ் மெசேஜை யாரும் திறக்கக்கூட இல்லை.

அன்று இரவு பக்கத்துத் தெரு சிஸ்டர் வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் மெசேஜைப் படித்துவிட்டு, "ஏம்மா, அந்தக் கவுன்டர்ல இருக்கிற பொண்ணு உன் பயத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணும்? தினம் அம்பது பேர் பயமா இருக்குன்னுதான் எழுதுறாங்க. அவளுக்கு வைத்தியம் தெரியாது. உள்ளே எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட நீட்டுற மாதிரி எழுது" என்றார்.

நெஞ்சில் குத்தியது, ஆனால் உண்மை. உங்கள் கடிதத்தை முதலில் படிப்பவருக்கு யாரையும் முன்னால் தள்ளும் அதிகாரம் கிடையாது. டாக்டர் கண்ணில் பட்டால்தான் எதுவும் நடக்கும். டாக்டர் அதில் தேடுவது, முன்னால் எப்படி இருந்தார், இப்போது எப்படி மாறியிருக்கிறார், எத்தனை நாளில் மாறினார் என்பதைத்தான். "ரொம்ப முடியவில்லை" என்பதில் இந்த மூன்றுமே இல்லை.

சிஸ்டர் அடுத்துக் கேட்டது, புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிட்டார்களா என்று. அம்மா "ஒண்ணும் இல்லையே" என்றார். சிஸ்டர் நம்பவில்லை. தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு காலி அட்டை வந்தது. முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக், பத்து மாத்திரை, சனிக்கிழமையிலிருந்து காலையும் இரவும். இந்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும், நீர் மாத்திரையை வேலை செய்ய விடாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பம்பிங் குறைந்தவர்களுக்கு இது ஆகவே ஆகாதாம். சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுத்த கடைக்காரரை என்ன சொல்வது? அதை ஒளித்துவைத்த அம்மாவைத்தான் என்ன சொல்வது?

அன்று இரவு 2 மணிக்கு அம்மா மூச்சுத்திணறி எழுந்து உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் அடங்கியது. அப்போதே எமர்ஜென்சிக்குப் போயிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். அடங்காமல் இருந்திருந்தால் போயிருப்பேன், ஆட்டோக்காரரை எழுப்பி வாசலில் நிறுத்தியும் வைத்திருந்தேன். விடிந்ததும் எடை பார்த்தேன், 60.7. 6.50-க்கு இதை அனுப்பினேன்:

"வணக்கம். ஓ.பி. எண் (இங்கே வேண்டாம்). என் அம்மா, வயது 68, பம்பிங் 35 சதவீதம், நான்கு வருடமாக டாக்டரிடம் பார்க்கிறோம். அடுத்த அப்பாயின்ட்மென்ட் 24ஆம் தேதி. அதுவரை தாங்காது என்று நினைக்கிறோம்.

திங்கட்கிழமை எடை 58.4, இன்று காலை 60.7. மூன்று நாளில் 2.3 கிலோ.

வழக்கமாக ஒரு தலையணை. நேற்று மூன்று வைத்தும் இரவு 2 மணிக்கு மூச்சுத்திணறி எழுந்தார், கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு அடங்கியது. போன வாரம் மாடி ஏறினார், இப்போது பாத்ரூம் போய் வந்தாலே மூச்சு வாங்குகிறது. இரண்டு காலிலும் வீக்கம், அழுத்தினால் குழி விழுகிறது.

காலை 6.30: பி.பி. 138/84, நாடி 96, ஆக்சிஜன் 95. நெஞ்சு வலி, மயக்கம், காய்ச்சல் இல்லை.

ஃபுரோசிமைடு 40 காலையில் ஒன்று, விடாமல் சாப்பிடுகிறார். மற்ற மாத்திரைகள் போட்டோவில். சனிக்கிழமையிலிருந்து டைக்ளோஃபெனாக் 50 தினம் இரண்டு, எங்களுக்குத் தெரியாமல் சாப்பிட்டிருக்கிறார். நேற்று இரவு தெரிந்தது, இனி கொடுக்க மாட்டோம்.

இதை டாக்டரிடம் காட்டி, இன்று அல்லது நாளை பார்க்க முடியுமா என்று கேட்டுச் சொல்லவும். முடியாவிட்டால் எமர்ஜென்சிக்குப் போக வேண்டுமா என்றாவது சொல்லவும். நான் மகள். கூப்பிட்டால் அரை மணி நேரத்தில் வந்துவிடுவோம்."

8.40-க்கு போன் வந்தது. பேசியது கிளினிக் நர்ஸ். யூரின் எப்போதும்போல் போகிறதா, உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். 11 மணிக்கு வாருங்கள், எல்லா மாத்திரை அட்டையும் கொண்டுவாருங்கள், வழியில் மோசமானால் இங்கே வராமல் நேரே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள் என்றார்.

நாடித்துடிப்பும் ஆக்சிஜனும் எழுதினால், "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று தள்ளிவிடுவார்களோ என்று எனக்குப் பயம் இருந்தது. நடந்தது நேர் எதிர். இன்னும் எமர்ஜென்சி இல்லை, ஆனால் அந்தப் பக்கம் வேகமாகப் போகிறது என்பது அதில்தான் தெரிந்ததாம். என் சித்தி பெண் "நெஞ்சு வலின்னு போட்டுரு, உடனே கூப்பிடுவாங்க" என்று யோசனை சொன்னாள். அதைச் செய்யாதீர்கள். நெஞ்சு வலி என்று எழுதினால் எமர்ஜென்சிக்குத்தான் போகச் சொல்வார்கள், அது சரியும்கூட. அங்கே உங்களைத் தெரியாத டாக்டர் வேறு வியாதியைத் தேட ஆரம்பிப்பார்.

டாக்டர் இ.சி.ஜி. எடுத்தார், கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க ரத்தம் எடுத்தார், நீர் மாத்திரையைச் சில நாளுக்கு இரண்டு வேளையாக்கினார். அடுத்த திங்கட்கிழமை எடை 58.8. இதைப் படித்துவிட்டு நீங்களாக வீட்டில் நீர் மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள். பொட்டாசியம் இறங்கலாம், கிட்னி அடிவாங்கலாம். அதனால்தான் ரத்தப் பரிசோதனை.

இப்போது கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அன்றைக்கு கவுன்டரில் ஃபைலை வாங்கிக்கொண்டே ஒருவர் கேட்டார், "மகன் யாரும் வரலையா?" எடை பார்த்தது, இரவு முழுக்க முழித்திருந்தது, மெசேஜ் எழுதியது எல்லாம் எதிரே நிற்கிற ஆள்தான். அண்ணன் வெளியூரிலிருந்து போனில் "ரொம்ப சீன் போடாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆனாலும் சொன்னால் புரிந்துகொள்ள ஒரு ஆண்பிள்ளை வேண்டுமாம். "நான்தாங்க வந்திருக்கேன்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அம்மா கையைப் பிடித்து அழுத்தினார். அண்ணனைக் குறை சொல்கிறேன் என்று உறவுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வியாதிக்கு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் தகவல் சொல்லுங்கள் என்றுதான் எங்கள் டாக்டரும் சொன்னார். எடை மெஷின் இல்லை, எதுவும் எழுதிவைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, ஊகித்து எண் போடாதீர்கள். போன வாரம் எங்கே வரை நடந்தார், இப்போது எங்கே நிற்கிறார் என்று எழுதுங்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு மேல் கட்டைவிரலால் ஐந்து நொடி அழுத்தி, குழி விழுகிறதா பாருங்கள். தலையணையை எண்ணுங்கள். அப்புறம் அவர் தலையணை உறைக்குள்ளும் ஒருமுறை கைவிட்டுப் பாருங்கள்.