கண் எரியாமல் ஆட, நினைத்த இடத்தில் நிறுத்த

கேள்வி: எனக்கு வயது 41. ஆடிட்டர் ஆபீஸில் வேலை. காலை முதல் மாலை வரை எக்செல்லும் டேலியும்தான். இரவு பிள்ளைகள் தூங்கியதும் போனில் மிட்டாய் சேர்க்கிற கேம் ஆடுவேன். பத்து நிமிஷம் என்று எடுத்தால் பதினொன்றரை ஆகிவிடுகிறது, கண்ணும் எரிகிறது. எனக்கென்று இருப்பது அந்த நேரம் ஒன்றுதான், அதை விட மனசு வரவில்லை. கண்ணை வாட்டாத, நிறுத்த முடிகிற கேம் ஏதாவது சொல்லுங்கள். நீல ஒளிக் கண்ணாடி வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: ஆட்டத்தை விட வேண்டாம். போனை விடுங்கள், வீட்டில் டிவி இருந்தால் ஆட்டத்தை அதற்கு மாற்றுங்கள். எந்த கேம் என்பதைவிட எவ்வளவு தூரத்தில் வைத்து ஆடுகிறீர்கள் என்பதுதான் உங்கள் கண்ணுக்கு முதல் விஷயம். ஆபீஸ் மானிட்டர் சுமார் 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். போனை 30 சென்டிமீட்டரில் பிடிப்பீர்கள். பக்கத்துப் பொருளைத் தெளிவாகப் பார்க்க, கண்ணுக்குள் இருக்கும் சிறு தசை ஒன்று இறுகியே இருக்க வேண்டும். தூரம் பாதியானால் அந்த வேலை இரட்டிப்பாகும். நாளெல்லாம் உழைத்த தசைக்கு, ஓய்வு என்ற பேரில் அதைவிடக் கடினமான வேலையைக் கொடுக்கிறீர்கள். டிவி இரண்டரை மீட்டர் தள்ளி இருந்தால் அந்த உழைப்பு போனுக்கு ஆவதில் எட்டில் ஒரு பங்குதான். லேப்டாப்பை ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிளில் டிவியோடு இணைத்து, வயர் இல்லாத மவுஸ் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டால் போதும்.

அப்புறம்தான் எந்த கேம் என்பது. நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். நீங்கள் கண்ணை எடுத்தால் கேம் காத்திருக்கிறதா? ஒரு கட்டம் முடிந்ததும் மனசும் முடிந்ததாக உணர்கிறதா? முதலாவது கண்ணுக்கு, இரண்டாவது கடிகாரத்துக்கு.

ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்டத்தில் நாம் கண் சிமிட்ட மறந்துவிடுகிறோம். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போல சிமிட்டும் கண், திரையில் மூழ்கினால் அதில் பாதிகூடச் சிமிட்டுவதில்லை. சிமிட்டினாலும் இமை முழுக்க மூடுவதில்லை. கண்ணீர்ப் படலம் காய்கிறது, எரிகிறது. அதனால் உங்களுக்கு முறை வைத்து ஆடுகிற ஆட்டம்தான் சரி.

நான் சொல்வது Into the Breach. 2018-இல் வந்தது, விண்டோஸ் லேப்டாப்பில் ஓடும், சாதாரண லேப்டாப்பே போதும். எட்டுக்கு எட்டுக் கட்டம் கொண்ட ஒரு பலகை, உங்கள் பக்கம் மூன்று இயந்திர வீரர்கள், எதிரே பெரிய பூச்சிகள். எந்தப் பூச்சி எந்தக் கட்டிடத்தைத் தாக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே காட்டிவிடும். அதை எப்படித் தடுப்பது, எந்தப் பூச்சியைத் தள்ளி இன்னொன்றின் மேல் மோதவிடுவது என்று யோசிப்பதுதான் ஆட்டம். நீங்கள் End Turn பட்டனை அழுத்தும்வரை எதிரி அசையாது. எழுந்துபோய் பால் காய்ச்சிவிட்டு வரலாம். ஒவ்வொரு தடவை அந்த பட்டனை அழுத்தும்போதும் இரண்டு முறை இமையை முழுக்க மூடித் திறப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தோடு ஒட்டிய பழக்கம் என்பதால் தனியாக அலாரம் தேவைப்படாது.

இன்னும் எத்தனை முறை தாக்குப்பிடித்தால் வெற்றி என்று திரையின் மேலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் ஐந்துக்குள்தான் இருக்கும். நிதானமாக யோசித்து ஆடினாலும் ஒரு சண்டை பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்ததும், சண்டைகள் நடக்கும் தீவின் வரைபடத்துக்குத் திரும்புவீர்கள், தானாகவே சேமித்தும்விடும். அந்த வரைபடம்தான் நீங்கள் எழுந்துகொள்ள வேண்டிய இடம். அடுத்த சண்டையை எங்கே வைத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுக்காமல் மூடுங்கள். தேர்ந்தெடுத்து உள்ளே போய்ப் பூச்சிகளைப் பார்த்துவிட்டால் மூளை கணக்குப் போட ஆரம்பித்துவிடும், பிறகு படுத்தாலும் தூக்கம் வராது. பத்து மணிக்கு உட்கார்ந்தால் இரண்டு சண்டை ஆடிவிட்டு பத்தரைக்கு எழுந்துகொள்ளலாம். எழுத்து கொஞ்சம் சிறியது. சோபாவிலிருந்து படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் நாற்காலியை ஒன்றரை மீட்டருக்கு இழுத்துப் போடுங்கள். அப்போதும் போனைவிட எவ்வளவோ மேல்.

பலரும் உங்களுக்கு ஸ்டார்டியூ வேலியைச் சிபாரிசு செய்வார்கள். அழகான பண்ணை ஆட்டம், நிறங்களும் இதமானவை. அதில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் சுமார் 14 நிமிடம். கேட்க அளவாகத்தான் தெரிகிறது. ஆனால் கம்ப்யூட்டரில் அது சேமிப்பது உங்கள் ஆள் தூங்கப்போகும்போது மட்டும்தான். குழந்தை நடுவில் அழுதால், அந்த நாளில் செய்த வேலையெல்லாம் போச்சே என்று திரையைவிட்டு எழ மனம் வராது. நாள் முடிந்தாலும் விடிந்ததும் செடி பூத்திருக்கும், கடிதம் வந்திருக்கும். நிறுத்தும் இடமும் ஆசை கிளம்பும் இடமும் ஒன்றாகவே இருப்பதால், இரவில் நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. ஞாயிறு மதியம் ஆடுங்கள், தாராளமாக. உங்கள் மிட்டாய் ஆட்டத்திலும் இதே சிக்கல்தான்: ஒரு லெவல் முடிந்த நொடியே அடுத்தது கண் முன்னால் வந்து நிற்கிறது.

டிவியில் வேறு யாராவது ஏதாவது பார்க்கிற நாளில் போன்தான் கையில் இருக்கும் என்றால், lichess.org தளத்தில் செஸ் ஆடுங்கள். இலவசம், விளம்பரம் கிடையாது. ஒரு காய் நகர்த்த ஒரு நாளோ பல நாளோ அவகாசம் வைத்து ஆடும் வகை அதில் உண்டு. மூன்று நான்கு பேருடன் அப்படி ஆரம்பித்து வைத்தால், இரவில் உங்கள் காய்களை நகர்த்திவிட்டு மூடிவிடலாம். எதிராளி பதில் ஆடும்வரை உங்களுக்கு அங்கே வேலை இல்லை. ஒரு நிமிட, மூன்று நிமிட வேக ஆட்டங்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள். தோற்ற கோபத்தில் இன்னொன்று, ஜெயித்த குஷியில் இன்னொன்று என்று அதுவும் பதினொன்றரை ஆக்கிவிடும்.

எதில் ஆடினாலும் அறை விளக்கை அணைக்காதீர்கள். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதன் அருகில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரை விளக்கு மாதிரி எரிந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள், தாளைவிட மங்கிப் பழுப்பாகத் தெரிந்தால் கூட்டுங்கள். டேபிள் ஃபேன் முகத்துக்கு நேரே அடிக்கிறதா என்றும் பாருங்கள். கண் காய்வதற்கு அதுவே பெரிய காரணமாக இருக்கலாம்.

நீல ஒளிக் கண்ணாடிக்குக் காசு போட வேண்டாம். பல சோதனைகளைத் தொகுத்து, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வு, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் இது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொல்கிறது. அந்தக் காசில் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 41 வயது வெள்ளெழுத்து தொடங்குகிற வயது. போனை முன்பைவிடத் தள்ளிப் பிடிக்கிறீர்களா, மாலையில் திரையிலிருந்து நிமிர்ந்தால் எதிர்ச் சுவர்க் கடிகாரம் சில நொடி மங்கலாக இருக்கிறதா? அப்படியென்றால் எரிச்சலில் ஒரு பங்கு கேமால் வந்ததல்ல. பரிசோதிப்பவரிடம் மானிட்டர் இருக்கும் தூரத்தை டேப்பால் அளந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள். புத்தகம் படிக்கக் கொடுக்கும் பவர் 60 சென்டிமீட்டருக்குச் சரிவராமல் போகலாம், டிவிக்கு அந்தக் கண்ணாடியைக் கழற்றித்தான் ஆக வேண்டியிருக்கும். கண் சிவந்து வலித்தாலோ, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ கண்ணாடிக் கடையோடு நிற்காமல் கண் டாக்டரிடமே போய்விடுங்கள்.