அடுக்ககத்தின் மாம்பழக் கணக்கு: வாட்ஸ்அப்பில் வரும் தேவைகளைக் கூட்டுவது பற்றிய கேள்வி பதில்

மேடவாக்கத்திலிருந்து: எங்கள் குழுவில் ஒருவர் பட்டியலைத் தொடங்குவார். மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்து, கடைசியில் தங்கள் வீட்டைச் சேர்த்துப் பதிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வீடுகள் காணாமல் போகின்றன. யார் அழிக்கிறார்கள்?

யாரும் அழிப்பதில்லை. பட்டியலில் 41 வீடுகள் இருக்கும்போது, பி-104 வீட்டாரும் சி-203 வீட்டாரும் ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் அதைப் பிரதி எடுத்து, இருவருமே 42ஆவது இடத்தில் தங்கள் வீட்டை எழுதிப் பதிவிடுகிறார்கள். அடுத்து வருபவர் கடைசியாகக் கண்ணில் பட்ட பட்டியலைத்தான் எடுப்பார். அதில் சி-203 மட்டுமே இருக்கும். அதன்பின் வரும் எல்லாப் பட்டியல்களிலும் பி-104 இல்லை, ஆனால் அந்த வீட்டாரோ தாங்கள் பதிந்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருப்பார்கள். குழுவை மேலிருந்து கீழாகப் படித்து, ஒரே வரிசை எண் இரண்டு வெவ்வேறு வீடுகளுக்கு வந்திருக்கும் இடத்தைத் தேடினால், விடுபட்ட வீட்டை அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். ஆயினும் 20 வீடுகளைத் தாண்டினால் இந்த முறையையே விட்டுவிடும்படி நான் சொல்வேன். ஒவ்வொருவரும் தம் தேவையைத் தனிச் செய்தியாக அனுப்பட்டும். பட்டியலை ஒருவர் மட்டுமே எழுதட்டும்.

அம்பத்தூரிலிருந்து: தனிச் செய்தியாக அனுப்பினால் ஒரே வீட்டிலிருந்து நான்கு செய்திகள் வருகின்றன. எதை எடுத்துக்கொள்வது? கடைசிச் செய்தியை மட்டும் எடுத்தால் போதும் என்று எங்கள் பொருளாளர் சொல்கிறார்.

அவர் சொல்வது பாதி சரி. எங்கள் 64 வீட்டுக் குடியிருப்பில் சேலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து 5 கிலோ பெட்டிகளாக மாம்பழம் வரவழைத்தபோது, ஏ-302 வீட்டிலிருந்து காலையில் "இமாம் பசந்த் 2" என்றும், மதியம் "இன்னும் 1" என்றும், இரவில் "3 பெட்டி, மறக்க வேண்டாம்" என்றும் செய்தி வந்தது. எல்லாவற்றையும் கூட்டினால் 6 பெட்டி ஆகிவிடும். கடைசிச் செய்தியை எடுத்தால் 3 என்ற சரியான விடை கிடைக்கும். ஆனால் இரவுச் செய்தி வராமல் போயிருந்தால், கடைசிச் செய்தி "இன்னும் 1" என்பதாகவே இருந்திருக்கும். அப்போது பொருளாளரின் விதிப்படி அவர்களுக்கு ஒரே பெட்டிதான் போய்ச் சேரும்.

ஆகவே நான் ஒவ்வொரு செய்தியையும் தனி வரியாக ஷீட்டில் எழுதுகிறேன்: நேரம், வீட்டு எண், வகை, எண்ணிக்கையில் ஏற்பட்ட மாற்றம். ஏ-302க்கு முதல் வரியில் 2, இரண்டாம் வரியில் 1, இரவுச் செய்தி நினைவூட்டல் மட்டுமே என்பதால் 0. குறைக்கச் சொன்னால் -1. பழைய வரியைத் திருத்துவதே இல்லை; பின்னர் யாரேனும் கேட்டால், எந்தச் செய்தியால் எந்த எண் வந்தது என்பதைக் காட்ட முடியும். வீட்டுக்குரிய மொத்தத்தை இது தரும்:

```
=SUMIFS(D:D, B:B, "A-302", C:C, "இமாம் பசந்த்")
```

வீட்டு எண்ணை எப்போதும் ஒரே வடிவில் எழுத வேண்டும். ஒரு வரியில் A-302 என்றும் வேறொரு வரியில் A302 என்றும் இருந்தால், இரண்டாவது வரி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கணக்கிலிருந்து விடுபட்டுவிடும். கணவனும் மனைவியும் தனித்தனி எண்களிலிருந்து "2 பெட்டி" என்று அனுப்பினால் மட்டும் ஊகிக்காதீர்கள், "மொத்தம் 2ஆ, 4ஆ?" என்று கேட்டுவிடுங்கள்.

தாம்பரத்திலிருந்து: வாட்ஸ்அப்பிலேயே வாக்கெடுப்பு வசதி இருக்கிறதே. அதைப் போட்டால் எண்ணும் வேலையே இல்லையே?

அது ஆட்களை எண்ணும், பெட்டிகளை எண்ணாது. ஒரே ஒரு வகையை வாங்கி, "1 பெட்டி", "2 பெட்டி", "3 பெட்டி" எனத் தெரிவுகள் வைத்தால் பயன்படும். அப்போதும் ஒவ்வொரு வாக்கையும் அதன் எண்ணால் பெருக்கித்தான் கூட்ட வேண்டும். பல தெரிவுகளை அனுமதிக்கும் வசதியை முதலிலேயே அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒருவரே 1ஐயும் 2ஐயும் தொட்டுவிட்டு, தமக்கு 3 வேண்டும் என்று அர்த்தப்படுத்திக்கொள்வார். அதில் வீட்டு எண்ணும் தெரியாது, அவரவர் வைத்திருக்கும் பெயர்தான் தெரியும். இரண்டு வகை, அரைப் பெட்டி என்று வந்துவிட்டால் இது உதவாது.

வேளச்சேரியிலிருந்து: நான் கணக்குத் துறையில் இருப்பவன். கூகுள் படிவத்தில் வீட்டு எண்ணைத் தெரிவுப் பட்டியலாக வைத்தால், எழுத்து வேறுபாடும் வராது, செய்திகளைத் தட்டச்சும் செய்ய வேண்டாம். இதைப் பரிந்துரைக்காதது ஏன்?

இளைய குடும்பங்கள் மட்டுமே வாழும் இடமென்றால் உங்கள் வழியே சிறந்தது. எங்கள் குடியிருப்பில் மூத்தவர்கள் பலர் குரல் செய்திதான் அனுப்புகிறார்கள். படிவம் வைத்த ஆண்டில் சில வீடுகள் படிவத்திலும், சில குழுவிலும், சில இரண்டிலும் பதிந்தன. குழுவில் வந்ததையும் படிவத்தில் ஏற்றும் பொறுப்பை ஒருவர் எடுத்துக்கொண்டால் மட்டுமே அது நிற்கும். படிவம் வைத்தாலும் ஒரே வீடு இரண்டு முறை நிரப்பினால் அது கூடுதலா, திருத்தமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது, "இது முந்தையதற்குப் பதிலா?" என்று ஒரு கட்டாயக் கேள்வியைச் சேர்ப்பது நல்லது.

போரூரிலிருந்து: ஷீட்டில் வந்த மொத்தமும் நான் விரல்விட்டு எண்ணியதும் ஒத்துப்போகவில்லை. ஷீட் தவறாகக் கூட்டுமா?

கூட்டல் தவறாது, நீங்கள் கொடுத்தது எண்ணாக இல்லாமல் இருக்கலாம். ஒருமுறை எனக்கு 91 பெட்டி என்று வந்தது, கையால் எண்ணினால் 95. இரண்டு வரிகளில் "2 பெட்டி" என்று எழுத்தோடு சேர்த்துப் பதிந்திருந்தேன். அவற்றை `SUM` எழுத்தாகக் கருதி ஒதுக்கிவிட்டது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

```
=COUNT(D2:D200)
=COUNTA(D2:D200)
```

முன்னது எண்களை மட்டும் எண்ணும், பின்னது காலியல்லாத எல்லாவற்றையும் எண்ணும். எனக்கு 76, 78 என்று வந்ததால், பிழை இரண்டு வரிகளில் இருப்பது உடனே தெரிந்தது. ஆர்டர் கொடுக்கும் முன், பட்டியலை வீட்டு எண் வரிசையில் குழுவில் பதிந்து, தவறு இருந்தால் இரவு 8 மணிக்குள் சொல்லும்படி கேட்பேன். வந்த நேர வரிசையில் பதிந்தால் யாரும் தம் வீட்டைத் தேடிப் படிப்பதில்லை. விடுபட்ட பி-104 போன்ற வீடுகள் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் பிடிபடுகின்றன.

குரோம்பேட்டையிலிருந்து: போன வருடம் எங்கள் பெட்டியில் பாதிப் பழம் அழுகியிருந்தது. கணக்கில் ஒரு பெட்டியைக் குறைத்துவிடச் சொன்னேன், செயலாளர் மறுத்துவிட்டார். அவர் செய்தது நியாயமா?

இழப்பீடு தரலாமா என்பது தோட்டக்காரரோடு பேச வேண்டியது. கேட்ட எண்ணிக்கையைக் குறைக்காமல் விட்டதில் மட்டும் செயலாளரோடு நான் உடன்படுகிறேன். அந்த எண்ணைக் குறைத்தால், இறக்கிய பெட்டிகளும் பட்டியலும் ஒத்துப்போகாது. வேறொருவருக்குப் பெட்டி குறைந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. திருப்பித் தரும் தொகைக்குத் தனிப் பத்தி வைத்து அதில் எழுதச் சொல்லுங்கள்.

மறுபடியும் அம்பத்தூரிலிருந்து: பட்டியலை மூடி, ஆர்டரும் கொடுத்த பிறகு ஒரு வீட்டார் வேண்டாம் என்கிறார்கள். -1 என்று வரி எழுதிவிடலாமா?

எழுதாதீர்கள், தோட்டத்திலிருந்து அந்தப் பெட்டி எப்படியும் வரும். வேறு வீடு எடுத்துக்கொண்டால் மட்டும், இங்கே -1, அங்கே 1 என்று இரண்டு வரிகளையும் சேர்த்தே எழுதுங்கள், மொத்தம் மாறாது. யாரும் எடுக்காவிட்டால் அதன் விலையை அந்த வீடு தர வேண்டுமா, சங்க நிதியிலிருந்து ஈடுகட்டலாமா என்பதில் எங்கள் குடியிருப்பிலேயே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. அந்த வீடு தர வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் மருத்துவமனையில் சேர்ந்த ஒருவரிடம் அதைக் கேட்க என்னால் முடியவில்லை, அந்தப் பெட்டியை நானே வாங்கிக்கொண்டேன்.