ரத ஊர்வல அறிவிப்பு: அண்டை வீட்டாருக்கு எந்த நேரத்தை எழுதுவது? (கேள்வி பதில்)

கேள்வி: எங்கள் கோயில் ரதம் இரவு 7 மணிக்குப் புறப்படும். அந்த ஒரு நேரத்தைப் போட்டால் போதாதா, அக்கா?

போதாது, தம்பி. புறப்படும் நேரம் கோயில் வாசலில் நிற்பவருக்குத்தான் பயன்படும். கடைசித் தெருவில் இருப்பவருக்குத் தம் வீட்டு வாசல் எப்போது அடைபடும் என்பதே தெரிய வேண்டும். உங்கள் பாதை 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் ரதம் நகர்ந்தால் ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் வழியில் 45 வீடுகளில் அர்ச்சனைத் தட்டு ஏந்துவார்கள், தட்டுக்கு 2 நிமிடம் என்றாலே மேலும் 90 நிமிடம் சேர்ந்துவிடும். ஆக, ரதம் 9.30-க்குத்தான் கோயில் திரும்பும். பாதி வழியில் உள்ள தெருவுக்கு முன்னதாக 30 தட்டுகள் இருந்தால், அங்கே ரதம் வருவது 8.30 மணி. அந்தத் தெருவாசிகளுக்கு "இரவு 8 முதல் 9.30 வரை" என்று எழுதுங்கள். தட்டு எண்ணிக்கையை முன்பதிவில் பெறாமல் அறிவிப்பை அச்சிடாதீர்கள்; தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் தட்டுகளே.

கேள்வி: சனிக்கிழமை இரவு ஊர்வலம் என்று மலாயிலும் எழுதி வீடு வீடாகக் கொடுத்தோம். ஆனாலும் சில வீட்டார் வெள்ளி இரவே காரை அகற்றி, சனி இரவு மீண்டும் அதே இடத்தில் நிறுத்திவிட்டார்கள். ஏன் இப்படி?

நீங்கள் "மாலாம் சப்து" என்று எழுதியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். மாலாம் என்றால் இரவு, சப்து என்றால் சனிக்கிழமை; நாம் இரவை முன்னால் போட்டுவிடுகிறோம். மலாய் வழக்கில் நாள் சூரியன் மறையும்போதே தொடங்குகிறது. ஆகையால் "மாலாம் ஜுமாஅட்" என்பது வியாழன் இரவு, "மாலாம் சப்து" என்பது வெள்ளி இரவு. நீங்கள் எழுதியிருக்க வேண்டியது "சப்து மாலாம்". சொல்லின் இடம் மாறினால் ஒரு நாளே மாறிவிடும். நான் பணியாற்றிய ஒரு குழுவிலும் இதே தவறு நடந்தது. அன்று ஒரு வளைவில் இரண்டு கார்களின் உரிமையாளர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை ரதம் நாற்பது நிமிடம் நின்றது. குறை அந்த வீட்டாரிடம் இல்லை, எங்கள் அறிவிப்பில் இருந்தது. அதனால் கிழமையை மட்டும் நம்பாதீர்கள். தேதியையும் சேர்த்து எழுதி, அத்தெருவில் வசிக்கும் மலாய்க்காரர் ஒருவரிடம் வாசித்துக் காட்டிய பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

கேள்வி: நம் வழக்கில் பொழுது விடிந்தால்தான் மறுநாள். "சனி இரவு 1 மணி" என்றால் யாருக்கும் புரியுமே? இதற்கு இவ்வளவு விளக்கம் தேவையா?

தமிழ் வீட்டில் பாட்டிக்குப் புரியும். கைப்பேசியில் நினைவூட்டல் வைக்கும் பேரனுக்கு அது சனிக்கிழமை அதிகாலை 1 மணியாகிவிடும். நடுநிசியைத் தாண்டும் நேரத்தை "சனி இரவு, விடிந்தால் ஞாயிறு, அதிகாலை 1 மணி" என்று எழுதுங்கள். மலாயில் அந்த நேரம் "பூகோல் 1 பாகி", தேதியும் ஞாயிற்றுக்கிழமையின் தேதி. "இரவு 12 மணி" என்று மட்டும் எழுதவே வேண்டாம், 11.59 என்று எழுதினால் எந்த நாள் என்ற கேள்வியே எழாது.

கேள்வி: சமய ஊர்வலத்துக்குப் போலீசில் சொல்லவே வேண்டாம் என்று மலேசியாவின் 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டம் கூறுகிறது. பிறகு அறிவிப்பு எதற்கு?

பாதி சரி, அண்ணா. அச்சட்டத்தின்படி சமயக் கூட்டங்களுக்கு முன்னறிவிப்புத் தேவையில்லை. ஆனால் சாலையை அடைப்பதும் போக்குவரத்தைத் திருப்புவதும் வேறு காரியம். அதற்குப் போக்குவரத்துப் போலீசையும் மாநகர் மன்றத்தையும் அணுகியே ஆக வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்ட நேரமும் உங்கள் அறிவிப்பில் உள்ள நேரமும் ஒன்றாக இருக்கட்டும்.

கேள்வி: பினாங்குத் தைப்பூசத்தில் வெள்ளி ரதம் எங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும்?

அதை நகரத்தார் கோயிலாரிடம் கேளுங்கள். தங்க ரதம் என்றால் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலாரிடம் கேட்க வேண்டும்.

கேள்வி: எங்கள் கோயிலில் மாலை 6 மணிக்குப் புறப்பாடு. அதை மட்டும் போடலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். தட்டுகளை எண்ணுங்கள்.

கேள்வி: சாலை திறக்கும் நேரத்தைத் தள்ளி எழுதினால் அண்டை வீட்டார் கோபிக்கிறார்கள், முன்னதாக எழுதினால் பொய்யாகிறது. எது சரி?

இதில் எங்கள் குழுவே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. தள்ளி எழுதுவதே நேர்மை என்பது என் எண்ணம். ரதம் கடந்தவுடன் தொண்டர் தடுப்பை எடுத்துவிட்டால், காத்திருந்தவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வீட்டுக்குப் போகலாம். எங்கள் செயலாளரோ, அவ்வளவு நீண்ட நேரத்தைப் படித்தவர்கள் மன்றத்துக்குப் புகார் எழுதிவிடுவார்கள் என்கிறார், அதுவும் நடந்திருக்கிறது. இவ்வாண்டு இரண்டு தெருக்களில் என் முறையையும் மற்றவற்றில் அவர் முறையையும் எழுதுகிறோம்.