80-ல் 56 ஜெயித்தும் கணக்கு குறைவது ஏன்?

கேள்வி: வணக்கம்ங்க சார். வீடு பெருமாநல்லூர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நாலு மாதமாகப் பங்குகளை அன்றன்றே வாங்கி விற்கும் இன்ட்ராடே செய்து வருகிறேன். 80 டிரேடில் 56 லாபம், 24 மட்டும்தான் நஷ்டம். அப்படியும் கணக்கில் 11,600 ரூபாய் குறைந்திருக்கிறது. முதல் பத்தாததால்தான் இப்படி ஆகிறதா? 5 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஒன்று போட்டிருக்கிறேன். அதைத் தள்ளி எடுத்து இதில் போடலாமா? டிரேடு எழுதி வைத்த எக்செல் ஷீட்டையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: சீட்டை இதற்காக எடுக்க வேண்டாம். முதல் பத்தாததால் வந்த குறை இல்லை இது. ஷீட்டை வரிவரியாகப் பார்த்தேன். ஒவ்வொரு டிரேடுக்கும் எதிரே நீங்கள் எழுதி வைத்திருக்கும் குறிப்புதான் விஷயத்தைப் பிடித்துக் கொடுத்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

உங்கள் கம்பெனியில் ஓர் ஆர்டர் கட்டுபடி ஆகுமா என்று பார்க்கும்போது, நூல், நிட்டிங், சாயம், தையல் கூலி, பேக்கிங் எல்லாம் போக பீஸுக்கு என்ன நிற்கிறது என்றுதானே பார்ப்பீர்கள்? டிரேடிங்குக்கும் அதே கணக்குதான். ஒரு டிரேடுக்குச் சராசரியாக என்ன நிற்கிறது என்பதைத்தான் எக்ஸ்பெக்டன்சி என்கிறார்கள். கணக்கு இவ்வளவுதான்:

```
எக்ஸ்பெக்டன்சி = (ஜெயித்த விகிதம் × சராசரி லாபம்)
               − (தோற்ற விகிதம் × சராசரி நஷ்டம்)
```

உங்கள் 56 லாபங்களின் கூட்டுத்தொகை 50,400 ரூபாய், அதாவது ஒன்றுக்கு 900. 24 நஷ்டங்களின் கூட்டுத்தொகை 54,000 ரூபாய், ஒன்றுக்கு 2,250. சூத்திரத்தில் போட்டால் 0.70 × 900 = 630, 0.30 × 2,250 = 675. கழித்தால் டிரேடுக்கு 45 ரூபாய் நஷ்டம். 80 டிரேடுக்கு 3,600 ரூபாய்.

ஆனால் குறைந்தது 11,600 ஆயிற்றே. மீதி 8,000 ரூபாய் செலவில் போயிருக்கிறது. ஆப்பில் டிரேடு முடிந்ததும் பச்சையிலும் சிவப்பிலும் காட்டுகிற தொகை செலவு கழிக்காத தொகை. புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டைத் திறந்து பாருங்கள். நீங்கள் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்றரை லட்ச ரூபாய்க்கு வாங்கி விற்கிறீர்கள். வாங்க 20, விற்க 20 என்று புரோக்கரேஜ் 40 ரூபாய். விற்பனை மேல் 0.025 சதவீதம் எஸ்.டி.டி. என்கிற பங்குப் பரிவர்த்தனை வரி சுமார் 37 ரூபாய். அப்புறம் எக்ஸ்சேஞ்ச் கட்டணம், முத்திரைத்தாள் கட்டணம், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து இன்னொரு இருபது சொச்சம். ஆக டிரேடுக்கு 100 ரூபாய். உங்கள் உண்மையான எக்ஸ்பெக்டன்சி டிரேடுக்கு 145 ரூபாய் நஷ்டம்.

70 சதவீதம் ஜெயிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது போதுமா போதாதா என்பதை அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. லாபம் 900, நஷ்டம் 2,250 என்றால் விகிதம் 0.4. முதலுக்கு மோசமில்லாமல் நிற்க எத்தனை சதவீதம் ஜெயிக்க வேண்டும் என்பதற்கு ஒன்றை 1.4-ஆல் வகுக்க வேண்டும். 71.4 சதவீதம் வருகிறது. செலவையும் சேர்த்தால் கையில் நிற்கும் லாபம் 800, போகும் நஷ்டம் 2,350. இப்போது 74.6 சதவீதம் ஜெயித்தால்தான் கட்டுபடி ஆகும். நீங்கள் நிற்பது 70-ல். லாபமும் நஷ்டமும் ஒரே அளவாக இருப்பவருக்கு, செலவை விட்டுவிட்டால் 50 சதவீதமே போதும்.

சரி, நஷ்டம் மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? இங்கேதான் உங்கள் குறிப்பு உதவுகிறது. 24 நஷ்டங்களில் 18 கிட்டத்தட்ட ஆயிரம் ஆயிரம் ரூபாய். அவை, விலை இதற்குக் கீழே போனால் விற்றுவிட வேண்டும் என்று நீங்கள் முன்கூட்டியே வைத்த ஸ்டாப்லாஸ் அடித்து முடிந்தவை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மீதி 6 மட்டும் சராசரியாக 6,000 ரூபாய். அந்த ஆறுக்கும் எதிரே "எஸ்.எல். நகர்த்தினேன்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அதில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலையில் 100 பங்கை 1,500 ரூபாய்க்கு வாங்கி 1,490-ல் ஸ்டாப் வைத்தீர்கள். போனால் ஆயிரம் போகும், சரியான கணக்கு. விலை 1,491-க்கு வந்ததும் ஸ்டாப்பை 1,480-க்கு இறக்கினீர்கள். மதியம் அதை 1,465 ஆக்கினீர்கள். அதற்கு மேல் ஸ்டாப்பையே எடுத்துவிட்டு, 3.10 மணிக்கு 1,440-ல் விற்றிருக்கிறீர்கள். ஆயிரத்தில் முடிய வேண்டியது 6,000 ஆயிற்று.

உடனே தோன்றுகிற திருத்தம், "அந்த ஆறையும் ஆயிரத்தில் நிறுத்தியிருந்தால் 30,000 ரூபாய் மிச்சம்" என்பது. நிறையப் பேர் இந்த இடத்தில் கணக்கை முடித்துக்கொண்டு, தன்னிடம் நல்ல முறை இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். அது பாதிக் கணக்கு. "எஸ்.எல். நகர்த்தினேன்" என்ற குறிப்பு உங்கள் ஷீட்டில் 16 இடத்தில் இருக்கிறது. ஆறு நஷ்டமாக முடிந்தது. மற்ற பத்தும்? முதலில் வைத்த ஸ்டாப்புக்குக் கீழே போய், திரும்பி ஏறி, சராசரியாக 400 ரூபாய் லாபத்தில் முடிந்திருக்கின்றன. 1,504 வந்ததும் "தப்பித்தோம்" என்று விற்றவை அவை. ஸ்டாப்பை நகர்த்தாமல் இருந்திருந்தால் அந்தப் பத்தும் ஆயிரம் ரூபாய் நஷ்டத்தில் முடிந்திருக்கும். அதையும் சேர்த்துத்தான் திருத்த வேண்டும்.

திருத்திப் பார்ப்போம். ஜெயித்தவை 56-லிருந்து 46 ஆகக் குறைகின்றன. அவற்றின் லாபம் 50,400-ல் 4,000 போக 46,400. தோற்றவை 34, ஒன்றுக்கு ஆயிரம் என்று 34,000. மிஞ்சுவது 12,400. செலவு 8,000 போக 4,400 ரூபாய் லாபம், டிரேடுக்கு 55 ரூபாய். ஜெயிக்கும் விகிதம் 70-லிருந்து 57.5 சதவீதமாக இறங்குகிறது, ஆனால் டிரேடுக்கு 145 போய்க்கொண்டிருந்த இடத்தில் 55 வருகிறது.

உங்கள் 70 சதவீதம் எப்படி வந்தது என்பது இதில் தெரிகிறது. தோற்க வேண்டிய பத்து டிரேடை ஜெயித்ததாகக் காட்ட, ஆறு டிரேடில் தலைக்கு 5,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஸ்டாப்பை இறக்கிய 16 தடவையில் பத்து தடவை விலை திரும்பி வந்ததால், இறக்குவது சரி என்று மனசு பழகிவிட்டது. பத்து தடவை 1,400 ரூபாய் மிச்சமாகி 14,000 வந்தது, ஆறு தடவையில் 30,000 போனது. ஸ்டாப்பை நகர்த்துவதையே தனி வியாபாரமாக வைத்துப் பார்த்தால், நாலு மாதத்தில் 16,000 ரூபாய் நஷ்டம் தந்த வியாபாரம் அது. உங்களிடம் இருக்கும் பிரச்சினை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பங்கைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய கோளாறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதற்காக 55 ரூபாய் வருகிறதே என்று பணத்தைக் கூட்டிவிடாதீர்கள். அந்த 46 என்பது 43 ஆகியிருந்தால் கணக்கு மறுபடி நஷ்டத்துக்குப் போய்விடுகிறது. 80 டிரேடில் நாலைந்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போவது வெறும் அதிர்ஷ்டத்தால் சாதாரணமாக நடக்கிற விஷயம். ஆக, இந்த 55 நிஜமா, தற்செயலா என்று உங்கள் ஷீட்டால் சொல்ல முடியாது. அது பின்னால் உட்கார்ந்து திருத்திய கணக்கு வேறு. நிஜத்தில் ஸ்டாப் அடிக்கும்போது சில நாள் 1,490-க்குப் பதில் 1,489-ல் விற்கும், அந்த நூறு ரூபாயும் இதிலிருந்துதான் போக வேண்டும். 2022-23 நிதியாண்டில் ரொக்கச் சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. டிரேடுக்கு 55 ரூபாய் என்ற மெல்லிய லாபத்தை வைத்துக்கொண்டு அந்த மூன்று பேரில் நாமும் ஒருவர் என்று முடிவுகட்டுவது அவசரம்.

அடுத்த 100 டிரேடை 10 பங்கு வீதம் செய்யுங்கள். ஸ்டாப் அடித்தால் போவது 100 ரூபாய். வாங்கிய கையோடு ஸ்டாப் ஆர்டரைச் சிஸ்டத்தில் போட்டுவிடுங்கள், மனசுக்குள் வைத்திருக்க வேண்டாம். ஷீட்டில் இரண்டு பத்தி கூடுதலாகச் சேருங்கள். முதலாவதில், லாபமோ நஷ்டமோ அது ஸ்டாப் தொகையைப் போல எத்தனை மடங்கு என்று எழுதுங்கள். ஸ்டாப் 100 ரூபாய் இருக்க, 90 வந்தால் 0.9, ஸ்டாப் அடித்தால் கழித்தல் 1. கழித்தல் 1.2-க்கு மேல் ஒரு வரி வந்தாலே அன்று ஸ்டாப் நகர்ந்திருக்கிறது, இல்லை ஆர்டர் சரியாக விழவில்லை என்று அர்த்தம். இரண்டாவதில், கான்ட்ராக்ட் நோட்டில் இருக்கும் செலவு. அளவு சின்னதாக இருப்பதால் செலவின் விகிதம் கொஞ்சம் கூடித் தெரியும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பெரிய அளவில் அது ஸ்டாப் தொகையில் பத்தில் ஒரு பங்கு என்பது நமக்குத் தெரியும், அதையே கழித்துப் பாருங்கள்.

முதலைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. டிரேடுக்கு 145 ரூபாய் போகிற முறையில் மூன்று மடங்கு பணத்தைப் போட்டால் நிலையான புரோக்கரேஜில் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். செலவுக்கு முன்பே நிற்கும் அந்த 45 ரூபாய் நஷ்டம் 135 ஆகிவிடும். சீட்டைத் தள்ளி எடுக்கும்போது விடுகிற தொகை அதற்கு மேல் ஒரு செலவு, மாதத் தவணையும் கடைசி வரை கட்டியாக வேண்டும். வேறு அவசரம் இல்லையென்றால் தள்ளு குறைகிற கடைசி மாதங்கள் வரை சீட்டை விட்டு வையுங்கள்.

போன 11,600 ரூபாயையும் கைவிட வேண்டாம். இன்ட்ராடே நஷ்டம் வருமான வரியில் ஸ்பெகுலேஷன் வியாபார நஷ்டம். சம்பளத்தில் அதைக் கழிக்க முடியாது, ஆனால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அடுத்த நாலு வருடத்துக்குள் வரும் இன்ட்ராடே லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐ.டி.ஆர். 1 இதற்கு ஆகாது, ஐ.டி.ஆர். 3 போட வேண்டும். புரோக்கர் தரும் வருடாந்திர லாப நஷ்ட அறிக்கையை இறக்கி ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். 100 டிரேடு முடிந்ததும் புது ஷீட்டை அனுப்புங்கள், ஸ்டாப் நகர்ந்த வரிகளைத் தனி நிறத்தில் காட்டி.