கீரை அவித்த தண்ணீரில் என்ன போகிறது?

"என் மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது, குழந்தைக்குத் தயாராகிறார்கள். கிளினிக்கில் ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நானும் பாயாம் கீரை வாங்கி, பெரிய சட்டி நிறையத் தண்ணீர் கொதிக்க வைத்து அவித்து, பிழிந்து, தாளித்துக் கொடுக்கிறேன். என் கணவருக்குக் கிட்னியில் கல் வந்ததிலிருந்து இப்படித்தான் செய்கிறேன். மருந்து அடித்த கீரை என்ற பயமும் உண்டு. 'தண்ணீரோடு சத்தும் போகிறதே' என்கிறாள் மகள். அவள் சொல்வது சரியா? தினமும் கீரை சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?"
- வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள அம்மா,

மாத்திரையை நிறுத்த வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்துக்குக் கடைசியில் வருகிறேன். கீரை விஷயத்தில் உங்கள் மகள் சொல்வது சரி.

மாத்திரையில் ஃபோலிக் அமிலமாக வரும் சத்துதான் கீரையில் ஃபோலேட்டாக இருக்கிறது. ஃபோலேட் தண்ணீரில் கரையும் சத்து. பச்சைக் கீரையில் அது இலையின் உயிரணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது. கொதிநீரில் போட்டதும் அந்த உயிரணுக்களின் சவ்வு உடைகிறது, உள்ளே இருப்பது வெளியே கசிகிறது. சுற்றிலும் நிறையத் தண்ணீர் இருந்தால் ஃபோலேட் அதில் போய்க் கலந்துவிடும். இலை மெல்லியது என்பதால் இதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. பசலை வகைக் கீரையை மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகக் கொதிநீரில் வைத்து வடித்தபோது, ஏறக்குறைய பாதி ஃபோலேட் போய்விட்டதை 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதே கீரையை ஆவியில் வேகவைத்தபோது குறிப்பிடத்தக்க இழப்பே இல்லை. ஆவியும் கொதிநீரைப் போலச் சூடானதுதான். அப்படியென்றால் இங்கே சத்தை எடுத்துப்போவது நெருப்பைவிடத் தண்ணீர்தான். நெடுநேரம் அடுப்பில் கிடந்தால் சூட்டிலும் கொஞ்சம் அழியும், ஆனால் வீட்டுக் கீரைக்குப் பெரிய இழப்பு வடிப்பதில்தான் வருகிறது.

இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வடித்த தண்ணீர் தெளிவாக இருக்கிறது, கீரையும் பச்சையாகவே இருக்கிறது, அதனால் சத்து அப்படியே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கீரையின் பச்சை நிறம் எண்ணெயில் கரைவது, தண்ணீரில் எளிதில் இறங்காது. ஃபோலேட் இறங்கிப் போனாலும் அந்தச் சிறு அளவு கண்ணுக்குத் தெரியாது.

உங்கள் வீட்டுக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு கட்டு பாயாமை ஆய்ந்தால் 200 கிராம் தேறும் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் பச்சைப் பாயாமில் சுமார் 85 மைக்ரோகிராம் ஃபோலேட் இருக்கிறது, ஆக மொத்தம் 170. மூன்று பேர் பகிர்ந்தால் மகளின் தட்டுக்கு 55 சொச்சம். அவித்துப் பிழிந்தால் அது முப்பதுக்குள் வந்துவிடலாம். அவளுக்கு நாளொன்றுக்கு 400 வேண்டும், கருவுற்ற பிறகு 600. வடிக்காமல் சமைத்தாலும் கீரை ஒன்றை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

சரி, எப்படிச் சமைப்பது? மருந்து பற்றிய பயத்துக்குக் கழுவுவதுதான் வழி. நறுக்குவதற்கு முன், இலை முழுசாக இருக்கும்போதே, குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் அலசுங்கள். மேலே ஒட்டியிருப்பது பெருமளவு அதிலேயே போகும். நறுக்கிய பிறகு ஊறவைத்தால் வெட்டுவாய் வழியாகச் சத்தும் கூடவே போகும். பிறகு வாணலியில் எண்ணெய் காயவைத்து, கடுகு, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம் தாளித்து, முதலில் தண்டையும் அது கொஞ்சம் வெந்ததும் இலையையும் போடுங்கள். இலையில் ஒட்டியிருக்கும் ஈரமே போதும். மூடி போட்டு இரண்டு மூன்று நிமிடம், அப்புறம் ஒரு கிளறு, தேங்காய்ப்பூ, இறக்கிவிடலாம். கூட்டோ மசியலோ செய்தால் தண்ணீர் சேர்த்தாலும் கவலையில்லை, இறங்கிய சத்து அந்தச் சட்டியிலேயேதான் இருக்கிறது. கங்கோங், முருங்கைக்கீரை எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

உங்கள் கணவர் விஷயம் வேறு. பாயாமிலும் பசலையிலும் ஆக்சலேட் அதிகம், கிட்னிக் கல்லில் பெரும்பாலானவை கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்து உருவாவது. ஆக்சலேட்டில் ஒரு பெரும் பங்கும் தண்ணீரில் கரையும் என்பதால், அவருக்காக நீங்கள் வடித்துக் கொட்டியது நல்ல பழக்கம்தான். அதே சட்டியில் மகளுக்கும் சமைப்பதில்தான் சிக்கல். அவருடைய பங்கைத் தனியாக அவித்து வடித்துக் கொடுங்கள், அல்லது அன்றைக்கு அவருக்கு முட்டைக்கோஸ் பிரட்டல் செய்துவிடுங்கள், அதில் ஆக்சலேட் குறைவு. அவருக்கு வந்தது எந்த வகைக் கல் என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வகை வேறாக இருந்தால் கீரையை இவ்வளவு வடிக்க வேண்டியதே இல்லாமலும் போகலாம்.

மகளுக்கு ஃபோலேட் வேண்டுமென்றால் நான் கீரையைவிடப் பயறு பருப்பைத்தான் முதலில் சொல்வேன். அரைக் கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் சுமார் 140 மைக்ரோகிராம் இருக்கிறது, பச்சைப்பயறும் தட்டைப்பயறும் அதற்குச் சளைத்தவை அல்ல. சாயங்காலத்துக்கு ஒரு கிண்ணம் சுண்டல் கொடுத்தால் அவள் தட்டில் விழும் கீரையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வந்துவிடும். இங்கும் தண்ணீர்க் கணக்கு உண்டு. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டுவதில் கொஞ்சம் போகும், வயிறு உப்புசம் குறையும் என்பதால் அந்த இழப்பைப் பெரிதாக எடுக்க வேண்டாம். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். குக்கரில் பயறு மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி வேகவைத்து, மிஞ்சியதை ரசத்திலோ சாம்பாரிலோ சேர்த்துவிடுங்கள். நம் வீடுகளில் பருப்புத் தண்ணீரில் ரசம் வைப்பது இந்தச் சத்தைக் காப்பாற்றும் வேலையையும் செய்கிறது.

ஆரஞ்சுப் பழம் ஒன்றில் 40 மைக்ரோகிராம் போலத்தான் இருக்கும். ஆனால் அதை யாரும் அவிப்பதில்லை, இருப்பது முழுசாக வந்து சேரும். அதிலுள்ள வைட்டமின் சி, ஃபோலேட் காற்றுப்பட்டுக் கெடாமலும் காக்கிறது. கடையில் ஜூஸ் வாங்குவதைவிடச் சுளையாகவே சாப்பிடச் சொல்லுங்கள், சர்க்கரை சேராது.

இப்போது மாத்திரை. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. அந்த நேரத்தில் பல பெண்களுக்குக் கருவுற்றதே தெரிந்திருக்காது. தெரிந்த பிறகு சாப்பாட்டைக் கூட்டினால் இதற்கு உதவாது, உடம்பில் ஃபோலேட் முன்பே இருக்க வேண்டும். அதனால்தான் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே மாத்திரை கொடுக்கிறார்கள். சாப்பாட்டிலுள்ள ஃபோலேட்டைவிட மாத்திரையிலுள்ள ஃபோலிக் அமிலத்தை உடம்பு நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். சமையலில் கூடுவதும் குறைவதும் அதைப் பாதிக்காது.

கிளினிக்கில் சொன்ன அளவையே மகள் தொடரட்டும். அவள் வலிப்புக்கு மருந்து சாப்பிடுபவளாக இருந்தாலோ, சர்க்கரை வியாதி இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது தண்டுவடக் குறையோடு குழந்தை பிறந்திருந்தாலோ, அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரையின் அளவு வேறு.