ஒரே அறையில் இருந்தவர்களுக்கு எப்படிச் சொல்வது? காசநோய்ப் பரிசோதனை குறித்த கேள்வி பதில்

கேள்வி (விடுதிக் காப்பாளர், திருப்பூர்): எங்க லேடீஸ் ஹாஸ்டல்ல ஒரு பொண்ணுக்கு நெஞ்சு டிபின்னு உறுதியாகி மாத்திரை ஆரம்பிச்சாச்சு. ரூம்ல மொத்தம் எட்டு பேர். மத்தவங்களையும் டெஸ்ட்டுக்கு அனுப்பச் சொல்றாங்க. வாட்ஸ்அப் குரூப்ல என்னன்னு போடறது மேடம்?

பதில்: குரூப்பில் போட வேண்டாம். போட்ட அஞ்சாவது நிமிஷம் "யாரு அது?" என்று ஆரம்பித்துவிடும். போன மாதம் சளி பிடித்த பெண், லீவு போட்டு ஊருக்குப் போன பெண் என்று எல்லார் பெயரும் அடிபடும். தனித்தனியாக அனுப்புங்கள், முடிந்தால் நேரில் சொல்லுங்கள். அனுப்பும் முன் நோய் வந்த பெண்ணிடமே வாசித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்கிற வரியை எடுத்துவிடுங்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதற்குக் கணக்கு உண்டு. சிகிச்சை தொடங்கிய நாளுக்கு முந்தைய மூன்று மாதத்தைப் பாருங்கள். அந்த நாட்களில் அவரோடு ஒரே அறையில் தூங்கியவர்கள், ஜன்னல் திறக்காத இடத்தில் பக்கத்திலேயே நெடுநேரம் வேலை செய்தவர்கள், இவர்கள்தான் முக்கியம். படிக்கட்டில் எதிரே வந்தவர், மெஸ்ஸில் சாப்பாடு போட்டவர் எல்லாம் இதில் வரமாட்டார்கள். ஆனால் இடையில் அறையைக் காலி செய்துவிட்டுப் போன பெண் வருவார். பெரும்பாலும் விட்டுப்போவது அவரைத்தான். பழைய பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

நான் அனுப்பச் சொல்லும் செய்தி இது:

"வணக்கம். கடந்த மூன்று மாதங்களில் நீங்கள் இருந்த இடத்தில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் தெரியவந்து, சிகிச்சை தொடங்கிவிட்டது. இது காற்றில் பரவுவது. யார் மீதும் தவறில்லை. அதே இடத்தில் நெடுநேரம் இருந்தவர் என்பதால் உங்களைப் பரிசோதனைக்கு அழைக்கிறோம். உங்களுக்கு நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்ப்பது பற்றிக் கேட்பார்கள். நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். தேவைப்பட்டால் சளி கேட்பார்கள். அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. முடிவை உங்களிடம் மட்டும் சொல்வார்கள். வேலைக்கு வழக்கம்போல் போகலாம். சந்தேகம் இருந்தால் இலவச எண் 1800-11-6666."

இதில் கடைசிப் பகுதியைச் சுருக்கிவிடாதீர்கள். தையல் வேலைக்கு வந்த பெண்ணுக்கு நோயைவிடப் பெரிய பயம், சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமோ என்பதுதான். அந்தப் பயத்துக்குப் பதில் இல்லாத செய்தியைப் படித்துவிட்டுப் பரிசோதனைக்கு வராமலே இருந்துவிடுவார்கள்.

அதே காப்பாளர்: பேரைச் சொல்லாட்டியும் கண்டுபிடிச்சிடுவாங்களே?

பதில்: எட்டுப் பேர் அறையில் முழுசாக மறைக்க முடியாது. மாடி முழுவதையும் ஒரே நாளில் கூப்பிட்டு முகாம் மாதிரி நடத்தினால் பார்வை ஓர் அறை மேல் விழாது. எனக்கு அதுதான் பிடிக்கும். என்னோடு வேலை பார்ப்பவர்களில் சிலர், அப்படிச் செய்தால் கூட்டத்தில் அறைத்தோழிகளை நின்று கவனிக்க முடியாமல் போகும் என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. உங்கள் ஊர் டிபி யூனிட்டில் எத்தனை பேர் வர முடியும் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி (அறைத்தோழி): அவளை ஊருக்கு அனுப்பிட்டாத்தானே எங்களுக்கு நல்லது? நான் கெட்ட எண்ணத்துல கேக்கலைக்கா.

பதில்: தெரியும்மா. இதே கேள்வியை 1956இல் சென்னையில் ஓர் ஆய்வாகவே எடுத்துச் செய்தார்கள். நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில் வைத்தும், மறு பாதியை அவரவர் வீட்டிலேயே வைத்தும் அதே மருந்தைக் கொடுத்தார்கள். வீடு என்றால் நெரிசலான சின்ன வீடுகள். வீட்டில் வைத்துப் பார்த்தவர்களின் குடும்பத்தில் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. பரவியதில் பெரும்பகுதி, நோய் என்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த காலத்தில் பரவியது.

உங்கள் அறையிலும் அதே கதைதான். ஆபத்தான நாட்கள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. மருந்து வேலை செய்தால் சில வாரங்களிலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை அவள் மாஸ்க் போடட்டும், ராத்திரி ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஊருக்கு அனுப்பினால் மாத்திரை நடுவில் நிற்கிற ஆபத்துதான் அதிகம்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு டிபி. பையனுக்கு 3 வயசு, பிசிஜி போட்டாச்சு, நல்லா ஓடியாடறான். அவனுக்கு எதுவும் தேவையில்லைதானே?

பதில்: பிசிஜி போட்டது நல்லது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் டிபி போன்ற கடுமையான வகைகளிலிருந்து அது பெரிதும் காக்கும். ஆனால் வீட்டுக்குள்ளேயே ஒருவர் இருமிக்கொண்டிருந்தபோது அதை மட்டும் நம்ப முடியாது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கிருமி உள்ளே போனால் நோயாக மாற அதிக நாள் ஆகாது. இந்த வாரமே கூட்டிப் போங்கள். எடை பார்த்து, பரிசோதித்து, நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகு தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். கிருமி உள்ளே போயிருக்கிறதா என்று தோலில் போட்டுப் பார்க்கும் மாண்டூ ஊசி இந்த வயதில் அதற்குக் கட்டாயமில்லை. குழந்தையை அப்பாவிடமிருந்து பிரித்து வைக்கத் தேவையில்லை. அப்பாவின் மருந்து மட்டும் ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாது.

கேள்வி (செவிலியர்): மேடம், எக்ஸ்ரே சுத்தமா இருக்கிற பெரியவங்க தடுப்பு மாத்திரை வேண்டாம்னு சொல்லிடறாங்க. "நோயே இல்லாம டிபி மாத்திரையா?"ன்னு கேக்கறாங்க. வாரம் ஒருமுறை வகைதான் எங்ககிட்ட இருக்கு.

பதில்: உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. "உங்களுக்கு டிபி மருந்து தர்றோம்" என்று ஆரம்பிக்காமல், "கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கலாம், அது எழாமல் இருக்க 12 வாரம், வாரம் ஒரு நாள்" என்று சொல்லிப் பாருங்கள். மாத்திரையைக் கொடுக்கும்போதே சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் ரத்தம் என்று பயந்து முதல் வாரமே நிறுத்திவிடுவார்கள். பெண்கள் விடுதி என்றால் இன்னொன்றும் உண்டு. இந்த வாராந்திர மருந்தில் உள்ள ரிஃபாபென்டின் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். இதைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். குடிப்பழக்கம், மஞ்சள் காமாலை இருந்தவர்களை மருத்துவர் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். முதல் நோயாளிக்கு மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றால் இந்தத் திட்டமே மாறும். இத்தனைக்குப் பிறகும் வேண்டாம் என்பவரை வற்புறுத்த முடியாது. அறிகுறிகளை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: எங்கப்பாவுக்குக் கழுத்துக் கட்டியில டிபின்னு சொல்லிட்டாங்க. தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனியா வெச்சுட்டோம். நாங்களும் எக்ஸ்ரே எடுக்கணுமா?

பதில்: தட்டையும் டம்ளரையும் பழையபடி ஒன்றாகவே வையுங்கள். நெஞ்சு டிபியே பாத்திரத்தில் பரவாது. கழுத்துக் கட்டியோ இருமலில் வெளியே வருவதும் இல்லை. அப்பாவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்களா என்று மட்டும் கேளுங்கள், சிலருக்கு இரண்டும் சேர்ந்து இருக்கும். அவருக்கு இது யாரோ ஒருவரிடமிருந்து வந்திருக்கிறது. வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் இருந்தால் அவரை முதலில் பாருங்கள்.

கேள்வி (மற்றொரு அறைத்தோழி): எனக்கு எக்ஸ்ரே நார்மல். சளி கேட்டாங்க, கொடுத்தேன், "இது எச்சில்"னு திருப்பிட்டாங்க. இருமலே இல்லாதப்ப எங்கிருந்து வரும்? இத்தோட முடிஞ்சுதா?

பதில்: நுரையும் தண்ணீருமாக இருந்தால் அது எச்சில். காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்தால் கெட்டியாக வரும். அதைத் திறந்தவெளியில் தனியாக நின்று எடுங்கள், அறைக்குள் வேண்டாம். இருமலும் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம் என்றால் பெரும்பாலும் சளியே தேவைப்படாது. அதை அங்கேயே சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் இன்றைய நார்மல் இன்றைக்குத்தான். நோயாக மாறுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது முதல் இரண்டு வருஷத்துக்குள் வரும். தடுப்பு மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அதற்குள் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்காமல் நேராக அதே இடத்துக்குப் போய், "எங்க ரூம்ல ஒருத்தருக்கு டிபி இருந்துச்சு" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பெயர் சொல்லத் தேவையில்லை.